ஆச்சி பாடிய பதினாறு பழம்

சின்ன வயதிலிருந்தே கந்த சஷ்டி கவசத்தில் பதினாறு பழம் வருகிறது என்றே நம்பியிருந்தேன். கல்யாணில் எங்கள் வீட்டுச் சாமி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து ஆச்சி அதைப் பாடுவாள். ஐப்பசியில் சஷ்டி வந்தால் என்னையும் ரயிலேற்றி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போவாள். வழியெல்லாம் உதடு முணுமுணுத்தபடியே இருக்கும். பள்ளியில் மராத்தியும் இந்தியும் எழுதிய எனக்குத் தமிழ் காதோடு நின்றுவிட்ட மொழி. கவசம் முழுக்க மனப்பாடம், பொருள் தெரியாது.

மியூனிக்கில் வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஆச்சி தன் குரலிலேயே கவசத்தைப் பதிவு செய்து அனுப்பினாள். தமிழ் எழுத்தை அப்போதுதான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியிருந்தேன். பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதினேன். பிறகுதான் அச்சுப் புத்தகத்தைத் திறந்தேன். இந்த வரிசை முக்கியம். நான் எழுதியதும் புத்தகத்தில் இருந்ததும் எங்கெல்லாம் வேறுபட்டனவோ, அங்கெல்லாம்தான் இத்தனை வருடமும் தப்பாகக் கேட்டிருக்கிறேன்.

அடுத்து வினையைப் பிடித்தேன். பாட்டின் நடுப்பகுதியில் அடிக்கடி வருவது 'காக்க'. வாழ்க, வருக போல இதுவும் வியங்கோள். 'காக்கட்டும்' என்று பொருள். காப்பது யார்? வேல். அந்த வேலுக்குப் பெரும்பாலும் ஓர் அடைமொழி. எதைக் காப்பது? உடம்பின் ஓர் உறுப்பு. தேவராய சுவாமிகள் தலையில் தொடங்கிப் பாதம்வரை இறங்குகிறார். இந்த மூன்று இடங்களும் பிடிபட்டதும் தெரியாத சொல்லைக்கூட ஓரளவு ஊகிக்க முடிந்தது. உறுப்பு நிற்க வேண்டிய இடத்தில் பழம் நிற்காது.

புத்தகத்தில் இருந்தது 'பழம்' அல்ல, 'பழு'. அதற்கு முன்னால் முதுகு, பின்னால் வயிறு. இரண்டுக்கும் நடுவில் உள்ளதைத் தேடினேன். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே இருக்கிறது; அதில் பழு என்றால் விலா எலும்பு.

அகராதி பார்க்கும்போது முதல் பொருளோடு மூடிவிடக் கூடாது என்பதைப் பாட்டின் பின்பகுதி கற்றுத் தந்தது. அங்கே சிலந்தி வருகிறது, வாழை வருகிறது. பூச்சியும் மரமும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அக்கம்பக்கத்தில் நிற்பவை சூலை, சயம், குன்மம், சிரங்கு. எல்லாமே நோய்கள். அப்படியானால் சிலந்தியும் நோய்தான். அது ஒரு வகைக் கட்டி. வாழை என்பது தொடையில் வரும் கட்டியான தொடைவாழை. மருத்துவமனை எட்டாத காலத்தில் மனிதர்கள் எதற்கெல்லாம் பயந்தார்கள் என்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஒப்படைத்திருக்கிறது இந்தப் பட்டியல். சிறுமியாக நான் மந்திரம்போல் ஒப்பித்தது இதைத்தான்.

ஓர் இடத்தில் மட்டும் தடுமாறினேன். விலா எலும்புகள் 24 என்று பள்ளியில் படித்திருக்கிறேன், பாட்டில் 16. என் பொருள் தப்போ என்று ஆச்சிக்கு போன் போட்டேன்.

"ஆச்சி, பழுன்னா என்ன?"

"பழுவெலும்புட்டி. மூச்சு விட்டா ஏறி எறங்குதுல்லா, அது."

"பதினாறுன்னு வருதே?"

"எண்ணியா பாடுதோம்? ஒனக்கு எளப்பு வந்தா அங்கனதான கை வப்பேன்."

அகராதியில் நான் தேடிய சொல் ஆச்சியின் பேச்சில் அன்றாடம் புழங்கியிருக்கிறது. பழைய பாட்டில் ஒரு சொல் புரியாவிட்டால் இப்போது அகராதிக்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்கிறேன். ஆனால் பாட்டின் பொருள் என்ன என்று மொத்தமாகக் கேட்டால் "எல்லாம் சாமி பாட்டுதான்" என்பார்கள். ஒரே ஒரு சொல்லை எடுத்துக் கேட்க வேண்டும்.

போனை வைத்துவிட்டுப் பதிவை மறுபடி கேட்டேன். ஒரே ஓட்டமாகப் பாடிவரும் ஆச்சி, முதுகைத் தாண்டியதும் வேகம் குறைகிறாள். வயதாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். சிறு வயதில் மழைக்காலம் முழுக்க எனக்கு இளைப்பு. ராத்திரி என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, விபூதிக் கையை என் விலாவில் வைத்து, மூச்சு அடங்கும்வரை அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பாடுவாள். எனக்கு இளைப்பு நின்று பதினைந்து வருடமாகிறது. ஆச்சி இன்னும் அங்கே நிதானிக்கிறாள்.