வாரம் ஒரு பாடவேளை மௌன வாசிப்பு: மேலாண்மைக் குழுவுக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

கேள்வி: குற்றாலம் பக்கத்தில் உள்ள அரசு நடுநிலைப்பள்ளியில் என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எல்லா வகுப்புக்கும் வாரம் ஒரு பாடவேளை மௌன வாசிப்பு வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கடிதம் கொடுக்க நினைக்கிறேன். வாய்மொழியாகக் கேட்டபோது, "போர்ஷன் முடிக்கவே நேரமில்லையே" என்றார்கள். கடிதத்தை எப்படி எழுதுவது?
- ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அந்தப் பதிலிலிருந்தே கடிதத்தைத் தொடங்குங்கள் அம்மா. வாசிப்பின் பெருமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் குழுவில் எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது எந்த நாள், எந்த நேரம், எந்தப் புத்தகம், வகுப்பில் யார் இருப்பார் என்பதுதான்.

முதலில் நேரக் கணக்கு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்கள், 1000 கற்பித்தல் மணி நேரம். வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் 44 வாரம். வாரத்துக்கு 30 நிமிடம் கேட்டால் ஆண்டுக்கு 22 மணி நேரம், அதாவது நூற்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். இந்த ஒரு வரி கடிதத்தில் இருந்தால் போர்ஷன் பேச்சு வேறு மாதிரி நடக்கும். நூலகப் பாடவேளை என்று கால அட்டவணையில் ஏற்கெனவே இருந்தால் இன்னும் நல்லது. புதிதாக எதுவும் கேட்காமல், அதை ஒழுங்காக நடத்தும்படி கேளுங்கள்.

அடுத்து, எல்லா வகுப்புக்கும் ஒரே நேரம் என்று எழுதுங்கள். ஆசிரியர் குறைவாக இருந்தாலும் இரண்டு வகுப்பை ஒரே அறையில் உட்கார வைக்கலாம். பக்கத்து வகுப்பின் பாடச் சத்தமும் இருக்காது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை மட்டும் வேண்டாம். பிள்ளைகளின் மனம் அப்போதே வீட்டுக்குப் போயிருக்கும். பள்ளி திறக்கும் ஜூனில்தான் உங்கள் ஊரில் சாரலும் தொடங்குகிறது. காற்றோடு சாரல் அடிக்கும்போது ஜன்னலைச் சாத்தினால் அறை இருண்டுவிடும். அதனால் முற்பகல் நேரமாக, புதன்கிழமை இரண்டாம் பாடவேளை போலக் கேளுங்கள். புத்தகங்களை ஜன்னலோரக் கயிற்றில் தொங்கவிடாமல் உள்சுவர் அலமாரியில் வைக்கவும் சொல்லுங்கள். ஈரத்தில் தாள் ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளால் மௌனமாக வாசிக்க முடியாது. முணுமுணுத்துத்தான் வாசிப்பார்கள், அது இயல்பு. அவர்களுக்குப் படக்கதையும் 15 நிமிடமும் போதும் என்று நீங்களே எழுதிவிட்டால், எதிர்க்கேள்வி ஒன்று குறையும். புத்தகத்துக்குப் பணம் கேட்பதற்கு முன் பள்ளியில் இருப்பதைப் பாருங்கள். அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு நூல்களை வெளியிட்டிருக்கிறது. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களும் பீரோவில் இருக்கலாம். 30 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு 45 புத்தகமாவது வேண்டும்; பிடிக்காததை மாற்றிக்கொள்ள அந்த உபரி தேவை. முந்தைய நாளே புத்தகத்தைத் தேர்ந்து வைத்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் பாதி நேரம் அலமாரி முன்னால் போய்விடும்.

பாடவேளையை எப்படி நடத்துவது என்பதையும் எழுதுங்கள். ஜப்பானில் சிபா மாகாணப் பள்ளி ஒன்றில் 1988இல் தொடங்கிய காலை வாசிப்புக்கு நான்கே விதிகள்: எல்லோரும் வாசிப்பது, தினமும் வாசிப்பது, பிடித்ததை வாசிப்பது, வாசிப்பது மட்டுமே. 'எல்லோரும்' என்றால் ஆசிரியரும்தான். இந்த ஏற்பாடு பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். ஆசிரியர் நோட்டுத் திருத்தத் தொடங்கினால், சில வாரத்தில் பிள்ளைகளும் வீட்டுப்பாடத்தை எடுத்துவிடுவார்கள். வாசித்ததற்குக் கேள்வி, மதிப்பெண், சுருக்கம் எதுவும் வேண்டாம் என்றும் குறிப்பிடுங்கள்.

ஒன்றை மட்டும் எழுதாதீர்கள்: மதிப்பெண் கூடும் என்ற உறுதி. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு, மௌன வாசிப்பு மட்டுமே வாசிக்கும் திறனை உயர்த்துகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு இது மருந்தல்ல. ஆசிரியர் தனியே சொல்லித்தர வேண்டும். வாசிக்கத் தெரிந்தும் வீட்டில் புத்தகமில்லாத பிள்ளைக்குத்தான் இந்த அரை மணி.

கடிதத்தின் முக்கியப் பகுதி இப்படி இருக்கலாம்:

"பெறுநர்: தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு.
பொருள்: வாராந்திர மௌன வாசிப்புப் பாடவேளை - சோதனை முறையில் தொடங்கக் கோருதல்.
புதன்கிழமை இரண்டாம் பாடவேளையில் 30 நிமிடம், எல்லா வகுப்புகளும் ஆசிரியர்களும் விரும்பிய நூலை மௌனமாக வாசிக்க, ஒரு பருவத்துக்கு மட்டும் அனுமதிக்க வேண்டுகிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் படக்கதையும் 15 நிமிடமும் போதும். பள்ளியில் உள்ள நூல்களே தொடக்கத்துக்குப் போதும். புத்தகம் அடுக்கவும் கிழிந்ததை ஒட்டவும் பெற்றோர் இருவர் வருகிறோம். பருவ முடிவில் எத்தனை வாரம் நடந்தது, எத்தனை வாரம் வேறு வேலைக்குப் போனது என்று குழுவில் பார்த்து முடிவெடுக்கலாம்."

கால அட்டவணையை மாற்றுவது தலைமை ஆசிரியர் கையில் இருக்கிறது. அவர்தான் குழுவைக் கூட்டுபவரும். ஆகவே கூட்டத்துக்கு முன்பே அவரிடம் நகலைக் கொடுத்துப் பேசிவிடுங்கள். அவருக்கு வேறு நாள் வசதி என்றால் மாற்றி எழுதுங்கள். கூட்டத்தில் ஒப்புக்கொண்டால், நாளும் நேரமும் தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.