தகரக் கூரைக்குக் காற்று வழி: முகட்டிலும் இறவாணத்திலும் எவ்வளவு திறப்பு வேண்டும்? முழுமையான வழிகாட்டி

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பழைய லயங்களையும் பின்னாளில் கட்டிய இரட்டை வீடுகளையும் பார்த்தால் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். இரண்டு பக்கமும் சரியும் தகரக் கூரை, அதன் கீழே தட்டையான சீலிங், இரண்டுக்கும் நடுவே முக்கோணமாக ஓர் இருட்டறை. மத்தியானம் அந்த இருட்டறை அடுப்பாகக் கொதிக்கிறது. விடியற்காலையில் மழையே பெய்யாமல் அங்கே தண்ணீர் சொட்டுகிறது. இரண்டுக்கும் காற்றோட்டம் மருந்துதான், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. அளவு போடுவதற்கு முன் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலில்: என்ன நடக்கிறது?

வெயில் நேரத்தில் தகரம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதை ஒட்டிய காற்று சூடாகி, இலேசாகி, மேலே ஏறும். முகட்டில் வழி இருந்தால் வெளியேறும். வெளியேறிய இடத்தை நிரப்ப, கீழே இறவாணத்தின் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். ரப்பர் ஷீட் உலர்த்திய புகைவீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் கீழே காற்று நுழைய ஒரு வழி, கூரை உச்சியில் ஈரக்காற்று வெளியேற ஒரு வழி. மேல் வழியை அடைத்தால் ஷீட் உலராது.

நெகிரி செம்பிலானின் மரபு மலாய் வீடுகளிலும் இந்த அறிவு உண்டு. கூரையின் இரு முனையிலும் 'தெபார் லாயார்' என்ற முக்கோணப் பலகைச் சுவர் இருக்கும். அதன் இடைவெளிகள் வழியே கூரைக்குள் காற்று போய்வரும். தோட்ட வீடுகளில் அத்தாப்பு போய்த் தகரம் வந்தபோது, இந்த வழிகள் பல இடங்களில் அடைபட்டுவிட்டன.

இரவுக் கதை வேறு. வானம் தெளிவாக இருக்கும் இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். நம் ஊரில் விடியற்காலைக் காற்று ஈரத்தால் நிறைந்தே இருக்கும். தீபகற்பத்திலேயே மழை குறைந்த பகுதி எனப்படும் ஜெலெபுவிலும் இதே நிலைதான். அந்த ஈரம் குளிர்ந்த தகரத்தின் அடியில் நீராகக் கோத்து நின்று சொட்டுகிறது. எவ்வளவு திறப்பு வைத்தாலும் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் உள்ளே வருவதும் அதே ஈரக்காற்றுதான். ஒன்பது பத்து மணிக்கு வெயில் ஏறிய பிறகு அந்த ஈரத்தை வெளியேற்றி மரத்தையும் சீலிங்கையும் உலர்த்துவதுதான் திறப்பின் வேலை. உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கும், ஆணி துருவேறும், கைமரம் மக்கும்.

ஒழுக்கா, வேர்வையா?

அளவெடுக்கும் முன் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒழுக்கு என்றால் சீலிங்கில் ஓரிடத்தில் மட்டும் பழுப்பு வட்டம் இருக்கும். மழைக்குப் பிறகு பெரிதாகும். வேர்வை என்றால் கறைகள் ரீப்பர் கட்டைகளின் வரிசையில் புள்ளி புள்ளியாகக் கூரை நெடுகிலும் இருக்கும். மழையில்லாத இரவுக்கு மறுநாள் விடியலில் டார்ச் அடித்துத் தகரத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முத்து முத்தாக நீர் நின்றால் அது வேர்வை. ஒழுக்கைக் காற்றோட்டத்தால் சரிசெய்ய முடியாது. முதலில் ஓட்டையை அடையுங்கள்.

அளவு எங்கிருந்து வருகிறது?

பரவலாகப் புழங்கும் விதி இது: சீலிங் பரப்பில் 150இல் ஒரு பங்கு திறப்பு வேண்டும், மேலும் கீழும் சரியாகப் பங்கிட்டால் 300இல் ஒரு பங்கு போதும். 300இல் ஒன்று என்ற எண் 1942இல் அமெரிக்காவின் கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் வெளியிட்ட கட்டுமான விதிகளில் இடம்பெற்றது. குளிர்நாட்டு வீடுகளில் உள்ளறை ஈரம் கூரையில் கோப்பதைத் தடுக்க எழுதிய எண் அது. நம் வெயிலுக்காகக் கணக்கிட்டதல்ல. எனவே நான் 150இல் ஒன்றையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன், அதையும் மேலும் கீழும் பங்கிட்டு.

பங்கிடும்போது இறவாணத்துக்குக் கொஞ்சம் அதிகம், முகட்டுக்குக் கொஞ்சம் குறைவு. காரணம் இருக்கிறது. முகடு பெரிதாகவும் இறவாணம் சிறிதாகவும் இருந்தால், மேலே போகும் காற்று தனக்குத் தேவையானதைச் சீலிங்கின் இடுக்குகள் வழியே வீட்டுக்குள்ளிருந்து இழுக்கும். சமையலறை நீராவியும் குளியலறை ஈரமும் கூரைக்குள் ஏறும். உலர்த்த வைத்த திறப்பே நனைக்கும்.

ஒரு வீட்டுக்குக் கணக்குப் போடுவோம்

வீடு 6 மீட்டர் அகலம், 9 மீட்டர் நீளம். முகடு நீளவாக்கில் ஓடுகிறது. சரிவு ஏறத்தாழ 25 டிகிரி. முகடு சீலிங்குக்கு மேல் 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும்.

சீலிங் பரப்பு 54 சதுர மீட்டர். அதை 150ஆல் வகுத்தால் 0.36, அதாவது 3600 சதுர சென்டிமீட்டர். இதில் 2000 இறவாணத்துக்கு, 1600 முகட்டுக்கு.

இது காற்று உண்மையில் நுழையும் பரப்பு; வெட்டும் துளையின் அளவு அல்ல. புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். திறப்பில் வலை அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எலியும் வௌவாலும் குடியேறும். 6 மில்லிமீட்டர் கம்பி வலை திறப்பில் கால் பங்கைத் தின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொசுவலை பாதியைத் தின்னும். செம்மண் சாலைப் புழுதியிலும் சிலந்திக்கூட்டிலும் சில மாதங்களிலேயே அடைந்துபோகும். கூரைக்குள் கொசுவலை வேண்டாம்.

இறவாணம்: இரு பக்கமும் சேர்த்து 18 மீட்டர். சுவரை ஒட்டி இறவாணப் பலகையில் 2 சென்டிமீட்டர் பிளவு விட்டால், ஒரு மீட்டருக்கு 200 சதுர சென்டிமீட்டர். வலைக்குக் கால் பங்கு போனால் 150. பதினெட்டு மீட்டருக்கு 2700. தேவை 2000தான்; கட்டைகள் மறைக்கும் இடத்துக்கும் சேரும் குப்பைக்கும் மீதி போகட்டும்.

முகடு: காற்று பல இடுக்குகளைக் கடந்து போகிறது, அவற்றில் மிகக் குறுகியதுதான் கணக்கு. உச்சியில் இரு பக்கத் தகரத்தையும் 2.5 சென்டிமீட்டர் விட்டு நிறுத்தினால் அங்கே தாராளமாக 5 சென்டிமீட்டர் வழி. ஆனால் முகட்டு மூடித் தகட்டின் அடியில் ஒவ்வொரு பக்கமும் 1.5 சென்டிமீட்டர்தான் தூக்கி வைக்கிறோம். எனவே அதைத்தான் எண்ண வேண்டும்: இரு பக்கமும் சேர்த்து மீட்டருக்கு 300, வலை போக 225. மழை அடிக்காமல் இரு முனையிலும் அரை மீட்டர் மூடிவிட்டால் மீதி 8 மீட்டர், மொத்தம் 1800. தேவை 1600. இறவாணத்தைவிடக் குறைவாகவும் இருக்கிறது. போதும்.

மழை உள்ளே வராமல்

மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியற்காலையில் சுமத்ரா புயல்காற்று சட்டென்று அடிக்கும். மழை குறுக்காக வரும். முகட்டு மூடி இரு பக்கமும் தகரத்தின் மேல் குறைந்தது 15 சென்டிமீட்டர் படிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், உச்சியில் முடியும் தகரத்தின் பள்ளங்களை இடுக்கியால் மேல்நோக்கி மடக்கிவிடுவது. காற்று தள்ளும் நீர் சரிவில் ஏறி வந்தாலும் அந்த மடிப்பில் மோதித் திரும்பும். பல வீடுகளில் இந்த ஒரு மடிப்பு இல்லாததால்தான் முகட்டுத் திறப்பு ஒழுக்காகி, யாரோ சிமெண்ட் பூசி அடைத்துவிட்டுப் போகிறார்கள்.

திறப்பு மட்டும் போதுமா?

போதாது. மேலே சொன்ன வீட்டில், உள்ளே வெளியைவிட 10 டிகிரி அதிகம் என்றால், காற்றடிக்காத நேரத்தில் மணிக்கு ஏறத்தாழ 250 கன மீட்டர் காற்று மாறும். கூரைக்குள் இருக்கும் காற்று முழுதும் ஒரு மணி நேரத்தில் ஆறு ஏழு முறை புதிதாகிறது. உலர்த்த இது தாராளம். ஆனால் அந்தக் காற்று சுமந்து போகும் வெப்பம் 0.8 கிலோவாட் அளவுதான். பழைய துருப்பிடித்த தகரம் சீலிங்கைவிட 20 டிகிரி சூடாக இருந்தால், அது கீழ்நோக்கி வீசும் கதிர்வெப்பம் 5 கிலோவாட்டுக்கு மேல். காற்றால் கதிரைத் தடுக்க முடியாது. அலுமினியத் தாளால் முடியும்.

தாளை ரீப்பர் கட்டைகளுக்கு அடியில், தகரத்திலிருந்து 2.5 சென்டிமீட்டராவது இடைவெளி விட்டு, பளபளப்பு கீழே பார்க்கும்படி அடியுங்கள். மேலே பார்த்தால் தூசி படிந்து பயன் குறையும். தாள் முகட்டைத் தாண்டித் தொடர்ந்து ஓடக்கூடாது. திறப்பின் கீழே அதை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் செலவழித்து வைத்த முகட்டு வழியைத் தாளே மூடிவிடும். கீழ் முனை இறவாணத்துக்கு வெளியே நீர் சொட்டும்படி தொங்கட்டும். விடியற்கால வேர்வை அந்தத் தாளில் விழுந்து வழிந்து வெளியேறும்.

பிழைகள்

முக்கோணச் சுவரில் பழைய காற்றுத் துளை இருந்தால் அதை மூடுங்கள். முகட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் காற்று அங்கிருந்தே நுழைந்து முகட்டில் போய்விடும். இறவாணத்துப் பகுதி தேங்கி நிற்கும். சமையலறை விசிறியின் குழாயைக் கூரைக்குள் விடாதீர்கள், வெளிச்சுவர் வழியே விடுங்கள். ஏர்கண்டிஷன் அறை இருந்தால் அதன் சீலிங்குக்கு மேல் வெப்பத்தடுப்புப் பஞ்சு வேண்டும். இல்லையென்றால் கூரையின் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பலகையில் வேர்க்கும். ஆனால் பஞ்சு இறவாணத்து வாயை அடைக்கக்கூடாது.

லயத்தில் வீடுகளைப் பிரிக்கும் சுவர் கூரை வரை போயிருந்தால் அதைத் துளைக்கவே வேண்டாம். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வரிசை முழுதும் பரவாமல் நிறுத்துவது அதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்.

கூரையோ சீலிங்கோ பழைய சாம்பல்நிற சிமெண்ட் தகடாக இருந்தால் அறுக்காதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசி நுரையீரலுக்கு ஆபத்து. அதற்குத் தகுந்த ஆட்களை அழையுங்கள்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

மத்தியானம் சீலிங் வாசலில் ஏறி டார்ச்சை அணையுங்கள். இறவாணம் நெடுகிலும் வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். தெரியாத இடம் அடைபட்ட இடம். பிறகு வெளியே ஏணியில் ஏறி, பிளவின் அடியில் ஊதுபத்திப் புகையைக் காட்டுங்கள். காற்றடிக்காத வெயில் நேரத்தில் புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளினால் மேல் வழி அடைந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வலையைத் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள்.

யாரிடம் சொல்வது?

தோட்ட வீடு நிர்வாகத்துடையது. தொழிலாளர் குடியிருப்பைத் தகுந்த நிலையில் பராமரிக்கும் பொறுப்பை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் முதலாளியிடம் வைக்கிறது. எனவே நீங்களே தகரத்தை வெட்டாமல், எழுத்தில் கேளுங்கள். கூரைத் தகரத்தை மாற்றும் வருடம்தான் சரியான நேரம். தகரம் கீழே இறங்கியிருக்கும்போது முகட்டு மடிப்புக்கும் தாளுக்கும் ஆகும் கூடுதல் செலவு சொற்பம், முடிந்த கூரையைப் பிரித்துச் செய்வது பலமடங்கு. அடுத்த முறை குத்தகைக்காரர் அளவெடுக்க வரும்போது, மேலே உள்ள கணக்கை உங்கள் வீட்டு நீள அகலத்துக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.