நம்பிக்கைகளும் உண்மைகளும்: சீனியரின் பிஆரில் ஜூனியருக்கு என்ன வேலை?

நம்பிக்கை: "சீனியர் எழுதியதில் நாம் என்ன கண்டுபிடித்துவிடப் போகிறோம்? LGTM போட்டுவிட்டு நகர வேண்டியதுதான்."

எந்த டீமுக்குப் போனாலும் இதே பேச்சு. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. எழுதியவருக்கு மார்க் போடுவதுதான் ரிவியூ என்றால், அவரைவிட அதிகம் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஓட்டையைப் பார்க்க அவ்வளவு தெரிய வேண்டாம். வரியை நின்று படித்தால் போதும்.

அனுபவசாலியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பவர்கள் ஹார்ட்ப்ளீடை நினைத்துப் பாருங்கள். அந்தக் கோடை எழுதியவர் ஓர் ஆய்வு மாணவர். பார்த்து, சரி என்று ஓபன்எஸ்எஸ்எல்லில் சேர்த்தவர் அந்தத் திட்டத்தின் மூத்த டெவலப்பர். எதிர்முனை "இவ்வளவு பைட் அனுப்பியிருக்கிறேன்" என்று சொல்லும் எண்ணை, நிஜமாக வந்த டேட்டாவோடு ஒப்பிடும் சோதனை அதில் இல்லை. விளைவு, ஒவ்வொரு முறையும் 64 கேபி வரை சர்வரின் மெமரி வெளியே கசிந்தது. 2011 கடைசியில் நுழைந்த ஓட்டை 2014 ஏப்ரலில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. "இந்த எண்ணை யார் தருகிறார்? அவர் பொய் சொன்னால்?" என்று கேட்க எத்தனை வருட அனுபவம் வேண்டும், சொல்லுங்கள்!

ஒரு மாதிரியை வைத்தே பார்ப்போம். பேமென்ட் அடிக்கடி டைம்அவுட் ஆகிறது என்று சீனியர் ஒருவர் இப்படி ஒரு பிஆர் போடுகிறார்:

```python
def pay(order):
    for attempt in range(3):
        try:
            return gateway.charge(order.id, order.amount)
        except Timeout:
            time.sleep(2 ** attempt)
```

பார்க்க அழகாக இருக்கிறது. இப்போது `except Timeout` வரியில் நில்லுங்கள். டைம்அவுட் என்றால் பதில் வரவில்லை என்று மட்டுமே பொருள். பணம் எடுக்கப்படவில்லை என்று அது சொல்லவில்லை. முதல் சுற்றிலேயே வங்கி பணத்தை எடுத்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், இரண்டாவது சுற்று அதே வாடிக்கையாளரிடம் மறுபடி பணம் எடுக்கலாம். இன்னொன்று: மூன்று சுற்றும் டைம்அவுட் ஆனால் இந்த ஃபங்க்ஷன் சத்தமில்லாமல் `None` தருகிறது. அழைத்த இடம் அதை என்ன செய்யும்?

இதைக் கண்டபின் பலர் எழுதுவது, "ரீட்ரை ஓகேவா?" அதற்கு வரும் பதில் "ஓகே". வேறென்ன வரும்? இப்படி எழுதுங்கள்: "முதல் `charge` நடந்து முடிந்து, பதில் மட்டும் வராமல் போனால் இந்த லூப் இரண்டாவது முறை பணம் எடுக்குமா? `order.id`-ஐப் பார்த்து கேட்வே தடுக்கிறதா? அதற்கு டெஸ்ட் காணவில்லை. இது தெரியும்வரை மெர்ஜ் வேண்டாம் என நினைக்கிறேன்." எந்த வரி, எந்தச் சூழல், என்ன நடக்கும், எவ்வளவு அவசரம், எல்லாம் இருக்கிறது. ஆளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கேட்வே தடுக்கிறது என்றால் சீனியர் ஒரு வரியில் சொல்லிவிடுவார்; அதையே கமென்ட்டாகக் கோடில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

அவர் திருத்தி அனுப்பினால் அதையும் படியுங்கள். கேட்வேக்கு ஐடெம்பொட்டன்சி கீ அனுப்புவது வழக்கமான தீர்வு. ஆனால் அந்தக் கீயை லூப்புக்குள்ளே புதிதாக உருவாக்கினால் மூன்று சுற்றுக்கும் மூன்று கீ. கேட்வேக்கு அவை மூன்று தனித்தனிப் பேமென்ட். கீ லூப்புக்கு வெளியே பிறக்க வேண்டும்.

நம்பிக்கை: "டெஸ்ட் எல்லாம் பச்சை, பிறகென்ன?"

எழுதாத டெஸ்ட் சிவப்பாகாது. மேலே உள்ள பதில் தொலையும் சூழலுக்கு டெஸ்டே இல்லை.

நம்பிக்கை: "நிறைய கமென்ட் போட்டால் நல்ல ரிவியூவர்."

ஸ்பேஸையும் கமாவையும் லின்ட்டர் பார்த்துக்கொள்ளும். சொல்லியே ஆக வேண்டுமென்றால் முன்னால் `nit:` போடுங்கள், மெர்ஜை நிறுத்தாதீர்கள்.

நம்பிக்கை: "முழுதும் புரியாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்."

கிட்ஹப்பில் Approve தவிர Comment என்றும் ஒரு தேர்வு இருக்கிறது. "ரீட்ரை பகுதியை மட்டும் பார்த்தேன், மைக்ரேஷன் எனக்குப் புரியவில்லை" என்று எழுதி அதைத் தேர்ந்தெடுங்கள். புரியாமல் போடும் Approve-ஐவிட அது நேர்மையானது.

கடைசியாகச் சீனியர்களுக்கு. ரீட்ரை, பெயர் மாற்றம், மைக்ரேஷன் மூன்றையும் 800 வரியில் ஒரே பிஆராகக் கட்டி, விளக்கத்தில் "சில திருத்தங்கள்" என்று எழுதிவிட்டு, "ஜூனியர்கள் ஒன்றும் சொல்வதில்லை" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். எதற்காக இந்த மாற்றம், எந்த இடத்தில் உங்களுக்கே சந்தேகம் என்று விளக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். அதைச் செய்யாதவரின் பிஆரில் ஜூனியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இதைப் பிரித்துத் தர முடியுமா?"