பத்து நொடிக்குள் அடங்கும் குரல்

ஆடித் தள்ளுபடிக்கு 10 நொடி வானொலி விளம்பரம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

செய்ய வேண்டியவை

புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணுங்கள். 'பட்டு' இரண்டு, 'தள்ளுபடி' நான்கு. ஓர் உயிரொலிக்கு ஓர் எண், அவ்வளவுதான் கணக்கு.

குரல் தருபவரின் வேகத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். எண்ணி வைத்த ஒரு பத்தியை அவரே வாசிக்கட்டும். நொடிக்கு ஆறு வந்தால், கடைசி அரை நொடியை மூச்சுக்கு ஒதுக்கி, 9.5 நொடிக்கு 57 என்று வையுங்கள். முற்றுப்புள்ளிக்கு மூன்று, காற்புள்ளிக்கு ஒன்று இதிலேயே கழியும்.

எண்களை வாயால் சொல்வதுபோல எழுத்தில் விரித்த பிறகே எண்ணுங்கள். பலரும் வழுக்குவது இங்கேதான். ரூ.1,499 தாளில் சின்னதாகத் தெரியும். 'ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது' என்று விரித்தால் பன்னிரண்டு, அதாவது இரண்டு நொடி.

இப்போது வாசகம்: "ஆடித் தள்ளுபடி. பட்டுச் சேலை ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் முதல். ஞாயிறு வரை மட்டுமே. (கடைப் பெயர்), தெற்கு மாசி வீதி, மதுரை." கடைப் பெயருக்கு ஆறு என்று கொண்டால் மொத்தம் 49. இடையில் மூன்று முற்றுப்புள்ளிக்கு ஒன்பது, இரண்டு காற்புள்ளிக்கு இரண்டு. ஆக 60, மூன்று அதிகம். 'மட்டுமே' போனால் சரியாக 57. 'ஞாயிறு வரை' என்றாலே பொருள் விளங்கிவிடுகிறது.

எண்ணிக்கை பொருந்தியும் நேரம் இழுத்தால் நெடில்களைப் பாருங்கள். 'படம்', 'பாடம்' இரண்டுக்கும் எண் இரண்டுதான்; மாத்திரையில் நெடில் குறிலைப்போல் இருமடங்கு. நெடில் குவிந்த வரி எண்ணிக்கையை மீறி ஓடும்.

செய்யக்கூடாதவை

கணினி காட்டும் எழுத்து எண்ணிக்கையை நம்பாதீர்கள். புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணி, 'பட்டு' என்பதை ஐந்து என்று சொல்லும் மென்பொருள்கள் உண்டு.

யாப்பு அசையால் அளக்காதீர்கள். நிரையசை ஒன்றுக்குள் இரண்டு உயிரொலி இருக்கும்.

'ஸ்டோர்ஸ்' போன்ற சொற்களை எழுத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். எழுத்தில் ஒன்று, பலர் வாயில் 'இஸ்டோர்ஸ்', அதாவது இரண்டு.

10 நொடியில் கைபேசி எண்ணைத் திணிக்காதீர்கள். ஒவ்வோர் இலக்கமும் இரண்டோ மூன்றோ பிடிக்கும். இடைவெளியோடு சேர்த்தால் ஏறக்குறைய நான்கு நொடி போய்விடும். கேட்பவர் குறித்துக்கொள்ளவும் முடியாது. 15 நொடி என்றால் யோசிக்கலாம்.

மிஞ்சியதை வேகமாக வாசித்துச் சமாளிக்கச் சொல்லாதீர்கள். அவசரத்தில் முதலில் மழுங்குவது வல்லின இரட்டிப்பு: 'பட்டு' 'படு' ஆகிவிடும். வாசிப்பவரை விரட்டாமல் சொல்லை மாற்றுங்கள். 'வாங்கிக்கொள்ளுங்கள்' ஐந்து, 'வாங்குங்கள்' மூன்று.

விலையைச் சுருக்க 'ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள்' என்று நீங்களாக மாற்றிவிடாதீர்கள். ஏழு மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் 'முதல்' வேறு, 'உள்' வேறு. கடைக்காரர் ஒப்புக்கொண்ட பிறகே ஒலிப்பதிவுக்குப் போக வேண்டும்.