சூடான அடுக்கும் ஆறிய பாகும்

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ உள்ள இனிப்புக் கடைகளில் முக்கோணமாக மடிக்கப்பட்ட பாதாம் பூரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மைதா மாவை மெல்லிய அப்பளங்களாக இட்டு, நெய்யும் அரிசி மாவும் குழைத்த கலவையை அவற்றின் மேல் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மடித்துப் பொரித்து, சர்க்கரைப் பாகில் தோய்த்து எடுப்பது அது. துருக்கியிலும் கிரேக்கத்திலும் அரபு நாடுகளிலும் செய்யப்படும் பக்லாவா இதற்கு ஒருவகையில் உறவினர். அங்கே பொரிப்பதற்குப் பதிலாக ஓவனில் சுடுகிறார்கள். இரண்டிலும் வியப்பு ஒன்றுதான். பாகு என்பது நீர் கலந்த பொருள். நீர் பட்டால் அப்பளம் நமத்துப் போகிறது. அப்படியிருக்க, பாகில் நனைந்த இந்த இனிப்பு எப்படி மொறுமொறுவென்று இருக்கிறது?

இந்தக் கேள்வியை நான் ஒரு தோல்வியின் மூலம்தான் கற்றுக்கொண்டேன். நண்பர் ஒருவர் வளைகுடா நாட்டிலிருந்து கொண்டுவந்த பக்லாவாவைச் சுவைத்த ஆசையில், வீட்டிலேயே ஒரு தட்டு செய்து பார்த்தேன். ஓவனிலிருந்து எடுத்தபோது அது பொன்னிறமாக இருந்தது. விரலால் தட்டினால் சருகுபோல் ஒலித்தது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாகை அப்படியே அதன் மேல் ஊற்றி, எறும்பு வராமலிருக்க மூடியும் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது மூடியின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள். உள்ளே இருந்தது பாகில் ஊறிய ரொட்டி!

பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா சிரித்தார். "ரெண்டும் கொதிச்சா சொதசொதன்னுதான் போகும். பாதாம் பூரிக்குச் சொல்ற அதே கணக்குத்தான்டா. ரெண்டுல ஒண்ணு ஆறியிருக்கணும்" என்றார். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு அவர் ஒரே வரியில் பாடம் நடத்திவிட்டார். அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

மொறுமொறுப்பு என்பது என்ன?

பக்லாவாவுக்கான மாவுத் தாள் காகிதத்தைப் போல மெல்லியது. ஒவ்வொரு தாளின் மேலும் உருக்கிய நெய்யைத் தூரிகையால் தடவி, ஒரு தட்டில் 30 தாள்கள் வரை அடுக்கலாம். நடுவில் பொடித்த முந்திரியோ பிஸ்தாவோ பரப்புவார்கள். சூடேறும்போது தாளிலுள்ள நீர் ஆவியாகிறது. 100 டிகிரி வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஏறத்தாழ 1,700 மில்லிலிட்டர் நீராவியாக விரிகிறது. இந்த ஆவி தாள்களைத் தள்ளிப் பிரிக்கிறது. இடையில் நெய் இருப்பதால் அவை மீண்டும் ஒட்டிக்கொள்வதில்லை. இவ்வாறு தாள்களுக்கிடையே மெல்லிய இடைவெளிகள் உண்டாகின்றன.

சுமார் 170 டிகிரியில் 40 அல்லது 45 நிமிடங்கள் சுட்ட பிறகு தாளில் நீர் மிகக் குறைவாகவே எஞ்சும். அப்போது அதிலுள்ள ஸ்டார்ச்சு கண்ணாடி போன்ற விறைப்பான நிலையை அடைகிறது. கண்ணாடி வளையாது, உடையும் அல்லவா? பல தாள்கள் அடுத்தடுத்து உடையும் ஓசையைத்தான் நாம் 'மொறுமொறு' என்கிறோம். அதே ஸ்டார்ச்சில் சிறிதளவு நீர் சேர்ந்தால் அதன் மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்குகின்றன. தாள் வளைகிறது, ஓசை போய்விடுகிறது. மழைக்காலத்தில் திறந்து வைத்த அப்பளம் நமத்துப் போவதும் இதனால்தான்.

ஆகவே நம் வேலை இதுதான்: பாகு தாள்களுக்கு இடையே செல்ல வேண்டும், தாளுக்கு உள்ளே செல்லக் கூடாது.

நெய் செய்யும் காவல்

இந்த வேலையில் முதல் காவலன் நெய். நெய்யும் நீரும் கலப்பதில்லை. எனவே தாளின் மேல் பூசிய நெய், பாகிலுள்ள நீரைத் தாளுக்குள் எளிதில் விடாது. வெண்ணெயைப் பூசினால் என்ன என்று கேட்கலாம். வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் நீர் உண்டு. ஒரு தட்டுக்கு 180 கிராம் வெண்ணெய் பூசினால், அதனுடன் ஏறத்தாழ 29 கிராம் நீரையும் தாளுக்குத் தருகிறோம். அதிலுள்ள பால் திடப்பொருள்களும் நீண்ட நேரம் சுடும்போது கருகிக் கரும்புள்ளிகளாகத் தெரியும். வெண்ணெயை உருக்கி நீரையும் கசடையும் நீக்கியதுதான் நம் நெய். துருக்கியின் பக்லாவாக் கைவினைஞர்களும் இவ்வாறு தெளிய வைத்த வெண்ணெயையே பயன்படுத்துகிறார்கள்.

சென்னைக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடையில் வாங்கும் தாள்கள் குளிரில் உறைய வைக்கப்பட்டவை. குளிர்ந்த பொட்டலத்தை நம் ஊரின் ஈரக் காற்றில் பிரித்தால், குளிர்நீர்ப் பாட்டிலின் மேல் பனிப்பதுபோல் தாள்களின் மேலும் நீர் பனிக்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்துவிடும். பொட்டலம் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும்.

பாகின் கணக்கு

இனி பாகுக்கு வருவோம். 250 கிராம் சர்க்கரையை 150 கிராம் நீரில் கரைத்தால் 400 கிராம் கரைசல் கிடைக்கும். இதைப் பாத்திரத்துடன் எடை போட்டுக்கொண்டு கொதிக்க விடுங்கள். வெளியேறுவது நீர் மட்டுமே. சர்க்கரை அப்படியே இருக்கும். கரைசலின் எடை 357 கிராமாகக் குறையும்போது அதில் 70 சதவீதம் சர்க்கரை. அப்போது அதன் கொதிநிலை 106 டிகிரியை ஒட்டியிருக்கும். இரு விரல்களுக்கு இடையே தொட்டு இழுத்தால் ஒற்றைக் கம்பி தெரியும். வீட்டில் கம்பிப் பதம் பார்ப்பதும் ஆய்வுக்கூடத்தில் வெப்பமானி வைத்துப் பார்ப்பதும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன.

பாகு இதைவிட நீர்த்திருந்தால் தாளுக்கு வேண்டாத நீர் போய்ச் சேரும். மிகவும் முற்றினால் ஆறும்போது சர்க்கரை படிகமாகப் பூத்துவிடும். அதைத் தடுக்கவே சில துளி எலுமிச்சைச் சாறு சேர்க்கிறார்கள். அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிக்கிறது. இவை கலந்திருக்கும்போது சர்க்கரை எளிதில் படிகமாவதில்லை.

சரி, இந்தப் பாகு ஏன் ஆறியிருக்க வேண்டும்? 'பாகுநிலை' என்று பௌதிகத்தில் படிக்கிறோமே, அந்தச் சொல்லே பாகிலிருந்து வந்ததுதான். 90 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் இப்பாகின் பாகுநிலை பத்து மடங்குக்கும் அதிகம். கொதிக்கும் பாகு நீரைப்போல் ஓடி, நெய் படாத ஒவ்வொரு விளிம்பிலும் நுழைந்துவிடுகிறது. ஆறிய பாகோ தேனைப்போல் மெதுவாக நகர்கிறது.

இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று, நீங்கள் வகுப்பில் செய்யும் கலவை முறைக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். சுட்ட அடுக்கின் எடை 600 கிராம், அதன் சராசரி வெப்பநிலை 100 டிகிரி, தன்வெப்ப ஏற்புத்திறன் தோராயமாகக் கிராமுக்கு 2 ஜூல் என்க. பாகு 350 கிராம், 30 டிகிரி, தன்வெப்ப ஏற்புத்திறன் சுமார் 2.6 ஜூல். அடுக்கை 1 டிகிரி சூடாக்க 1,200 ஜூல் தேவை. பாகுக்கு 910 ஜூல். ஆகவே கலவையின் வெப்பநிலை:

(1200 × 100 + 910 × 30) ÷ 2110 = 70 டிகிரி (ஏறத்தாழ)

இந்த 70 டிகிரியில்தான் பெரியம்மாவின் இரகசியம் இருக்கிறது. சூடான அடுக்கைத் தொட்டதும் பாகின் அடிப்பகுதி இளகி, 'சொய்' என்ற ஓசையுடன் கொஞ்சம் நீரை ஆவியாக விட்டுவிட்டு, சுடுமுன்பே கத்தியால் போட்ட வெட்டுகளின் வழியே இறங்குகிறது. தாள்களுக்கிடையே உள்ள குறுகிய இடைவெளிகள் நுண்புழை நுழைவினால் அதைப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்கின்றன. சில நிமிடங்களில் எல்லாம் 70 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நெய் இன்னும் திரவமாக இருப்பதால் பாகுக்கு வழி அடைபடவில்லை; ஆனால் தாளைப் புழுக்கி மெத்தென்று ஆக்கும் அளவுக்கு நீராவியும் இல்லை. மேலும் ஆற ஆறப் பாகு கெட்டியாகி, இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

பாகும் 100 டிகிரியில் இருந்திருந்தால்? கலவையும் 100 டிகிரியிலேயே இருக்கும். என் முதல் தட்டில் நடந்தது அதுதான். போதாக்குறைக்கு நான் மூடியும் வைத்தேன். மூடியில் குளிர்ந்த நீராவி துளித்துளியாக மீண்டும் தாள் மேலேயே விழுந்தது. இரண்டுமே ஆறியிருந்தால் வேறு தொல்லை. பாகு உள்ளே இறங்காமல் மேலே தேங்கும். சிறிது வழிந்து தட்டின் அடியில் குளம் கட்டும். நடுத் தாள்கள் இனிப்பின்றி வறண்டிருக்கும்.

விதிக்கு ஒரு விலக்கு

பக்லாவாவுக்குப் பெயர்பெற்ற துருக்கி நகரம் காசியான்டெப். அந்நகரின் பக்லாவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் புவிசார் குறியீடு அளித்தது. அங்கே சூடான தட்டின் மேல் சூடான பாகையே ஊற்றுவது வழக்கம். அப்படியானால் நம் விதி பொய்யா? இல்லை. அவர்கள் தட்டை மூடுவதில்லை. ஊற்றும்போது பாகு நுரைத்துக் கொதித்து, உபரி நீர் காற்றோடு போய்விடுகிறது. உண்மையான விதி வெப்பநிலையைப் பற்றியதன்று, நீரைப் பற்றியது. தேர்ந்த கை நீரை விரட்டிவிடுகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு ஆறிய பாகே பாதுகாப்பு.

இந்தப் பாதுகாப்பும் நிரந்தரமானதன்று. பாகில் 30 சதவீதம் நீர் இருக்கிறது. தாளிலோ நீர் மிகக் குறைவு. நெய்யின் காவலையும் மீறி நீர் மெல்ல மெல்லத் தாளுக்குள் ஊர்ந்துகொண்டே இருக்கும். அடையாறு போன்ற கடலோரப் பகுதியின் ஈரக் காற்றும் தன் பங்கைச் சேர்க்கும். ஓரிரு நாளில் ஓசை குறையத் தொடங்கும். எனவே முழுதும் ஆறும்வரை தட்டைத் திறந்தே வையுங்கள். எறும்புக்குப் பயந்தால், தட்டை நீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே ஒரு கிண்ணத்தின் மேல் வையுங்கள். ஆறிய பிறகு மூடலாம்.

என் இரண்டாவது தட்டில் ஆறிய பாகை ஊற்றினேன். பெரியம்மா ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். அடுத்த அறையிலிருந்த எனக்கு அந்த ஓசை கேட்டது.

உங்களுக்கு ஒரு கணக்கு

'ரெண்டுல ஒண்ணு' என்றுதானே பெரியம்மா சொன்னார்? எது ஆறியிருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மேற்கண்ட அதே அடுக்கு 40 டிகிரிக்கு ஆறிவிட்டது. பாகு 100 டிகிரியில் இருக்கிறது என்க. கலவையின் வெப்பநிலை என்ன? கணக்கிட்ட பிறகு கீழே பாருங்கள்.

விடை: ஏறத்தாழ 66 டிகிரி. முன்பு கிடைத்த 70 டிகிரிக்கு இது மிக அருகில் இருக்கிறது. அவர் எதுவென்று சொல்லாமல் விட்டதன் காரணம் இப்போது விளங்குகிறதா?