திகதிக்குரிய கிழமையைக் கண்டறிவோம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வந்து தங்கிய எமது குடும்பங்கள் பல, பத்திரங்களை ஊரிலேயே விட்டு வந்தவை. பிள்ளையின் பிறப்புப் பதிவைத் தேட விண்ணப்பிக்கும்போது திகதி கேட்கிறார்கள். தாய்க்கோ கிழமைதான் நினைவிருக்கிறது. திகதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர். அந்த வாரமே தென்மராட்சியில் பிள்ளை பிறந்தது. "வெள்ளிக்கிழமை இரவு" என்கிறார். நவெம்பர் 3ஆ, 4ஆ என்பது ஐயம்.

முதலில், கிழமை நன்கு தெரிந்த ஒரு நாள் வேண்டும். ஆழிப்பேரலை வந்த 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அங்கிருந்து பின்னோக்கிப் போவோம்.

கிழமை ஏழு நாளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், ஏழு ஏழாகக் கழித்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். ஓராண்டில் 365 நாள். 52 வாரம் போக மீதி 1. ஆகவே ஓராண்டுக்கு ஒரு கிழமை நகரும். இடையில் பெப்ரவரி 29 வந்தால் இன்னும் ஒன்று கூடும்.

1995 ஒக்டோபர் 30 முதல் 2004 ஒக்டோபர் 30 வரை 9 ஆண்டுகள். இடையில் 1996, 2000, 2004 ஆகிய ஆண்டுகளில் பெப்ரவரி 29 வந்தது. 9உம் 3உம் 12. ஏழு போக மீதி 5.

பின்பு 2004 ஒக்டோபர் 30 முதல் டிசெம்பர் 26 வரை: ஒக்டோபரில் 1, நவெம்பரில் 30, டிசெம்பரில் 26, மொத்தம் 57 நாள். எட்டு வாரம் (56) போக மீதி 1. தொடங்கும் நாளை எண்ணக்கூடாது. பலர் அதையும் சேர்த்து எண்ணுவதால் விடை ஒரு கிழமை பிசகிவிடும்.

5உம் 1உம் 6. ஞாயிறிலிருந்து ஆறு கிழமை பின்னால் போனால் திங்கள். எனவே ஒக்டோபர் 30 திங்கட்கிழமை; நவெம்பர் 3 வெள்ளி, 4 சனி.

இனித் தாயிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பிறந்தது நடுச்சாமத்துக்கு முன்னா, பின்னா? எமது வழக்கில் பொழுது விடியும்வரை அது வெள்ளி இரவுதான். பதிவேட்டிலோ இரவு 12 மணிக்கே நாள் மாறிவிடும். "கோழி கூவச் சற்று முன்" என்று அவர் சொன்னால், பதிவுக்குரிய திகதி நவெம்பர் 4, சனிக்கிழமை.

இக்கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. கிழமை பொருந்தாவிட்டால் திகதியோ கிழமையோ ஒன்று பிழை என்பது நிச்சயம். பொருந்தினால் மட்டும் திகதி சரியென்று ஆகிவிடாது; நவெம்பர் 10உம் வெள்ளிதான். எந்த வாரம் என்பதை இடப்பெயர்வு போன்ற நிகழ்ச்சியை வைத்தே உறுதிசெய்ய வேண்டும்.