கிடங்கு இருப்பில் குறைவா? காரணம் வாரியாகப் பிரித்துப் பாருங்கள்

உழவர் குழுக்கள் பல உரம், விதை முதலியவற்றை மொத்தமாக வாங்கி, கிடங்கில் வைத்து, உறுப்பினர்களுக்கு வழங்கி வருகின்றன. மாத முடிவில் எண்ணிப் பார்த்தால் பதிவேட்டில் உள்ள அளவும் கிடங்கில் உள்ள அளவும் பல சமயம் ஒத்து வருவதில்லை. உடனே கிடங்குப் பொறுப்பாளர் மீது சந்தேகம் எழுகிறது. அவசரப்பட வேண்டாம். குறைவு முழுவதும் ஒரே காரணத்தால் ஏற்படுவது அரிது. அதைப் பிரித்தறியும் முறையை இங்கே காண்போம்.

எண்ணும் முறை

எண்ணும் நேரத்தில் சரக்கு வழங்குவதை நிறுத்தி விடவும். பொறுப்பாளருடன் குழு உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து எண்ண வேண்டும். பதிவேட்டு அளவை முன்கூட்டியே பார்த்தால் கண் அந்த எண்ணையே தேடும். ஆகவே எண்ணி முடித்த பின்பே பதிவேட்டைத் திறக்கவும். கணக்கெடுப்புத் தாளின் தலைப்பில் கடைசி வரவுச் சீட்டின் எண்ணையும் கடைசி வழங்கல் சீட்டின் எண்ணையும் குறித்துக் கொள்ளவும். பிரித்த மூட்டைகளை எடை போட்டுத் தனியே எழுதவும். யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோ; டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. எல்லாவற்றையும் 50 ஆல் பெருக்கிக் கிலோவாக எழுதினால் வராத குறைவு வந்ததாகத் தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு குழுவின் யூரியாக் கணக்கு இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம்.

மாதத் தொடக்க இருப்பு: 40 மூட்டை
மூன்று வரவுச் சீட்டுகளின்படி வரவு (100 + 60 + 80): 240 மூட்டை
மொத்தம்: 280 மூட்டை
வழங்கியது: 212 மூட்டை
பதிவேட்டின்படி இருக்க வேண்டியது: 68 மூட்டை
எண்ணியபோது இருந்தது: 60 மூட்டை
குறைவு: 8 மூட்டை

இப்போது சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிவேட்டுடன் ஒப்பிடுக. மூன்றாவது வரவுச் சீட்டின் அடியில், "இறக்கியது 78, குறைவு 2" என்று லாரி ஓட்டுநர் கையொப்பத்துடன் எழுதியிருக்கிறது. ஆனால் பதிவேட்டில் விற்பனையாளர் பட்டியலைப் பார்த்து 80 என்று ஏற்றி விட்டார்கள். ஆக 2 மூட்டை கிடங்கிற்கு வரவே இல்லை. பட்டியல் தொகையைச் செலுத்துமுன் இதைக் கண்டால், 78 மூட்டைக்கு மட்டும் பணம் கொடுக்கலாம். அடுத்து, எண்ணிய அன்று காலையில் 5 மூட்டை வழங்கிய சீட்டு பதிவேட்டில் ஏறவில்லை. இவை இரண்டும் போக, காரணம் தெரியாத உண்மைக் குறைவு 1 மூட்டை மட்டுமே. விசாரிக்க வேண்டியது அந்த ஒரு மூட்டையைத்தான்.

குறைவையும் மிகுதியையும் கழிக்காதீர்கள்

டி.ஏ.பி. ஒரு மூட்டை குறைவு, காம்ப்ளக்ஸ் ஒரு மூட்டை மிகுதி என்று வந்தால், "சரியாகப் போயிற்று" என்று விட்டு விடக் கூடாது. காம்ப்ளக்ஸ் என்று சீட்டு எழுதி டி.ஏ.பி. மூட்டையைக் கொடுத்திருக்கக் கூடும். இரண்டின் விலையும் சத்தும் வேறு. எந்த உறுப்பினருக்குப் போயிற்று என்று சீட்டைக் கொண்டு கண்டறியவும்.

தானியத்தில் ஈரப்பதம்

நெல் உலர உலர எடை குறையும். 17 சத ஈரப்பதத்தில் 2,000 கிலோ வாங்கி, இப்போது ஈரப்பதம் 14 சதம் எனில், 3 சதம்தானே என்று 60 கிலோவைக் கழிப்பது தவறு. ஈரம் நீங்கலான பொருள் மாறுவதில்லை. ஆகவே 2,000 ஐ 83 ஆல் பெருக்கி 86 ஆல் வகுக்கவும். 1,930 கிலோ வரும். இயற்கைக் குறைவு 70 கிலோ. எடை போட்டதில் 1,915 கிலோ இருந்தால் மீதிக் குறைவு 15 கிலோ. ஆனால் ஈரமானி அரை சதம் தவறாகக் காட்டினாலே சுமார் 11 கிலோ மாறும். எனவே பல மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து மீண்டும் அளந்த பிறகே முடிவு கட்டவும். வாங்கும் நாளிலேயே ஈரப்பதத்தை வரவுச் சீட்டில் எழுதாவிடில் இக்கணக்கைப் போட இயலாது.

சுருக்கத் தாள்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே வரியில், பதிவேட்டு அளவு, எண்ணிய அளவு, வித்தியாசம், அதில் எழுத்துப் பிழை, வரவில் குறைவு, இயற்கைக் குறைவு, காரணம் தெரியாதது என்று வரிசையாக எழுதவும். கடைசி நான்கையும் கூட்டினால் வித்தியாசம் வர வேண்டும். பதிவேட்டில் பழைய எண்ணை அடித்துத் திருத்தாமல், தேதியிட்டுப் புதிய வரியாகத் திருத்தப் பதிவு செய்து, எண்ணிய இருவரும் கையொப்பமிடவும். ஒரே பொருளில் காரணம் தெரியாத குறைவு மூன்று மாதம் தொடர்ந்து வந்தால், அப்போது பூட்டையும் சாவியையும் தராசையும் சோதித்துப் பார்க்கவும்.